அக்ரிலிக் பாத்டப் மங்கிக் கிடக்கிறது: உப்புக்கறையா, கீறலா?

கடலோரக்காற்று

எல்லோருக்கும் வணக்கம். ஓ.எம்.ஆர். பக்கம் எங்கள் பிளாட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். போன வாரம் காலி செய்து சாவியைக் கொடுத்தார்கள். வீடு நன்றாகவே இருக்கிறது, பாத்டப் மட்டும்தான் பார்க்க முடியவில்லை. வெள்ளை அக்ரிலிக் டப், வாங்கும்போது முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக இருந்தது. இப்போது பக்கச் சுவர்களில் தண்ணீர் நிற்கும் மட்டம் வரை வெள்ளையாக ஏடு படிந்திருக்கிறது. அடியில், கால் வைக்கும் இடத்தில் ஒரு பெரிய திட்டு முழுக்க மங்கல். தண்ணீர் ஊற்றினால் புதிது போலத் தெரிகிறது. காய்ந்ததும் பழையபடி ஆகிவிடுகிறது.

எங்களுக்குப் போர் தண்ணீர்தான், கோடையில் லாரித் தண்ணீரும் கலக்கும். சுத்தம் செய்ய வந்த ஆள் ஆசிட் ஊற்றினால் போய்விடும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பாத்திரம் தேய்க்கும் பவுடரையும் பச்சை ஸ்க்ரப்பரையும் எடுக்கச் சொல்கிறார். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. டப்பைச் சுற்றி மார்பிள் பதித்திருக்கிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்மா வீட்டுக்குறிப்பு

ஆசிட் பக்கமே போகாதீர்கள். சமையல் சோடாவைத் தூவி அதன் மேல் வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும், அந்தப் பொங்கலிலேயே கறை கிளம்பி வந்துவிடும். அப்புறம் ஸ்பாஞ்சால் துடைத்தால் போதும். எங்கள் வீட்டு வாஷ் பேசினுக்கு இதுதான் செய்கிறேன். அடியில் இருக்கும் மங்கலுக்குப் பல் துலக்கும் பேஸ்ட் வைத்துத் தேய்த்துப் பாருங்கள்.

தென்றல்75

வாஷ் பேசினில் உப்புக்கறை இருந்தால் பியூமிஸ் கல்தான் சரியான மருந்து. கல்லையும் கறையையும் நன்றாக நனைத்துக்கொண்டு மெதுவாகத் தேய்க்க வேண்டும். தஞ்சாவூரில் எங்கள் பேசினுக்கு வருஷக்கணக்காக அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஒரு கீறல் விழுந்ததில்லை. பவுடர் போட்டாலும் ஒன்றும் ஆகாது.

எஃப்ஆர்பி பட்டறை

தென்றல் ஐயா, உங்கள் பேசின் பீங்கான். அதன் மேல் இருப்பது சூளையில் சுட்ட கண்ணாடிப் பூச்சு, அதனால் கல் தாங்குகிறது. மேடம் கேட்பது அக்ரிலிக். இரண்டும் வெள்ளையாக இருக்கும், பார்வைக்கு ஒன்று போலவே தெரியும். ஆனால் அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக் தகடு. பியூமிஸ் கல்லை ஒரு தரம் இழுத்தாலே கோடு விழுந்துவிடும். தட்டினால் பீங்கான் கணீரென்று கேட்கும், தொட்டால் சில்லென்று இருக்கும். அக்ரிலிக் டொக் டொக் என்றுதான் கேட்கும்.

மேடம், கோவையில் பைபர் தொட்டி, டப் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன், ரிப்பேரும் பார்க்கிறேன். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்கள் டப்பில் இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. பக்கச் சுவரில் இருப்பது மேலே வந்து ஒட்டிய உப்பு. அடியில் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக்கே கீறிப்போனது. ஈரமாக இருக்கும்போது இரண்டும் மறைந்துவிடும், ஏனென்றால் தண்ணீர் மேடு பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. அதனால் ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

டப்பை நன்றாகக் காயவிட்டு பாத்ரூம் விளக்கை அணைத்துவிடுங்கள். மொபைல் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடியுங்கள். கை போன போக்கில் வளைவு வளைவாக மெல்லிய கோடுகள் மின்னினால் அது கீறல். கோடே இல்லாமல் திட்டுத் திட்டாக, ஓரத்தில் கொஞ்சம் தடித்துத் தெரிந்தால் உப்பு. சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டு, பத்து நிமிடம் கழித்துக் கழுவிக் காயவிட்டுப் பாருங்கள். சொட்டு விட்ட வட்டம் மட்டும் பளிச்சென்று வந்தால் அது உப்புதான். வட்டமே தெரியாவிட்டால் இன்னும் ஊற்றி வேலைக்கு ஆகாது.

கடலோரக்காற்று

செய்து பார்த்தேன் சார். பக்கச் சுவரில் சொட்டு விட்ட இடம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. அடியில் வட்டமே தெரியவில்லை. டார்ச் அடித்தால் நூற்றுக்கணக்கில் வளைவுக் கோடுகள். யாரோ ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

எஃப்ஆர்பி பட்டறை

அப்படியானால் முதலில் உப்பை எடுங்கள், கீறலை அப்புறம் பார்க்கலாம். உப்பு மேலே இருக்கும்போது பாலிஷ் போட்டால் அந்த உப்புத் துகளே உருண்டு புதுக் கோடு போடும்.

போர் தண்ணீர் வீடுகளில் வெறும் உப்பு மட்டும் படிவதில்லை. சோப்பும் உப்பும் சேர்ந்து பிசுக்காகப் படியும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீடாக இருந்தால் எண்ணெயும் அதில் சேரும். பிசுக்கு மேலே இருந்தால் புளிப்பு உள்ளே இறங்காது. அதனால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம் கலந்து, மெத்தென்ற பருத்தித் துணியால் முழு டப்பையும் துடைத்துக் கழுவுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், அக்ரிலிக் சூட்டில் இளகும்.

பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேஜைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் பொடியைப் போட்டு முழுக்கக் கரையுங்கள். ஒரு குருணைகூட மிச்சம் இருக்கக் கூடாது. வினிகர்தான் இருக்கிறது என்றால் சம அளவு தண்ணீர் கலந்து எடுத்துக்கொள்ளலாம். பக்கச் சுவரில் ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். பழைய பருத்திப் புடவையைக் கிழித்து அதில் நனைத்து, பிழிந்து, சுவரோடு ஒட்டிவிடுங்கள். கால் மணி நேரம் போதும். துணியை எடுத்துவிட்டு அதே துணியால் மேலிருந்து கீழாக, அழுத்தாமல் துடைத்துக் கழுவுங்கள். தடிப்பாக இருக்கும் இடத்துக்கு இரண்டாம் முறை ஒட்டுங்கள். கை வலிக்கத் தேய்க்க வேண்டியிருந்தால் இன்னும் ஊறவில்லை என்றுதான் அர்த்தம்.

உங்கள் வீட்டில் மார்பிள் இருப்பதால் இதைக் கவனமாகச் செய்யுங்கள். உப்புக்கறையும் மார்பிளும் ஒரே சரக்கு, இரண்டுமே கால்சியம் கார்பனேட். கறையைக் கரைக்கிற புளிப்பு மார்பிளின் பளபளப்பையும் அரித்துவிடும். டப் விளிம்புக்கு மேல் அகலமான டேப் ஒட்டி பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிடுங்கள். மேலே ஒரு சொட்டு தெறித்தாலும் உடனே தண்ணீர் விடுங்கள்.

பத்மா வீட்டுக்குறிப்பு

சார், இதில் சோடாவே வரவில்லையே. சோடாவும் வினிகரும் சேர்ந்து பொங்குவதுதானே கறையைக் கிளப்புகிறது? எனக்கு நிஜமாகவே வேலை செய்கிறது.

எஃப்ஆர்பி பட்டறை

அம்மா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. சோடா நல்ல பொருள். மிருதுவானது, தண்ணீரில் கரைந்தும்விடும். தண்ணீர் விட்டுக் குழைத்து லேசாகத் தேய்த்தால் சோப்புப் பிசுக்கை எடுக்கும், அக்ரிலிக்குக்கும் பெரிய கெடுதல் இல்லை. வினிகரும் நல்ல பொருள், உப்பைக் கரைக்கும். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடும். அந்தப் பொங்கலில் வினிகரின் புளிப்பு சோடாவோடேயே செலவழிந்துவிடுகிறது, கறைக்கு மிச்சம் இருப்பதில்லை. நீங்கள் அப்புறம் ஸ்பாஞ்சால் துடைக்கிறீர்கள் இல்லையா, கறை போவது அதில்தான். ஒரு நாள் சோடா, கழுவிவிட்டு அப்புறம் வினிகர் என்று தனித்தனியாகச் செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

பேஸ்ட் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், அதில் தேய்க்கிற பொடி இருக்கிறது. சின்னக் கீறலுக்குப் பாலிஷ் மாதிரி வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு பேஸ்டிலும் பொடி ஒவ்வொரு மாதிரி. வெண்மையாக்கும் பேஸ்ட் என்று விற்பதில் கொஞ்சம் முரடாகவே இருக்கும். பெரிய பரப்புக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

இஸ்மாயில் பிளம்பிங்

பாய் ஒருத்தன் குறுக்கே வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். டாய்லெட் கிளீனர் ஊற்றிக் கழுவிய அக்ரிலிக் டப் நிறையப் பார்த்திருக்கிறேன். டப்புக்கு ஒன்றும் ஆனதில்லை. உப்பு இரண்டு நிமிடத்தில் போய்விடும். கெட்டுப்போவது டப் இல்லை, அடியில் தண்ணீர் வெளியேறும் ஓட்டையில் இருக்கிற வேஸ்ட் கப்ளிங்தான். குரோம் பூச்சு கறுத்து உரிந்துவிடும். அப்புறம் என்னைக் கூப்பிடுவார்கள்.

எஃப்ஆர்பி பட்டறை

பாய் சொல்வது உண்மை. அதில் இருக்கிற ஹைட்ரோகுளோரிக் ஆசிட் நல்ல அக்ரிலிக்கைச் சட்டென்று தின்பதில்லை. ஆனாலும் நான் ஊற்றச் சொல்ல மாட்டேன். குரோம் போகும், மார்பிள் போகும், கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து வேலை செய்பவருக்கு மூச்சு முட்டும். அதைவிட ஆபத்து, முன்னாடி யாராவது பிளீச்சிங் பவுடர் போட்டிருந்து அதன் மேல் இது விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். வினிகரையும் சிட்ரிக் ஆசிடையும்கூட பிளீச்சோடு சேர்க்கக் கூடாது.

அக்ரிலிக்குக்கு நிஜமான எதிரி ஆசிட் இல்லை, தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும்தான். பெயின்டர்கள் டப்பில் சிந்திய பெயின்டைத் தின்னரால் துடைத்துவிட்டுப் போவார்கள். துடைத்த இடம் உடனே பிசுபிசுவென்று இளகி மங்கிவிடும். ஸ்பிரிட், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எல்லாம் உடனே காட்டாது. சில மாதம் கழித்து வளைவுகளிலும் கப்ளிங்கைச் சுற்றியும் வெள்ளி நூல் போல உள்ளுக்குள் வெடிப்பு ஓடும். தகட்டைச் சூடாக்கி இழுத்து வளைத்துத்தான் டப் செய்கிறோம், அந்த இடங்களில் இழுவிசை உள்ளேயே தங்கியிருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படாது, ஆனால் டார்ச் அடித்தால் ஆழத்தில் மின்னும். அது வந்துவிட்டால் எந்தப் பாலிஷும் எடுபடாது.

ஸ்கார்பரோ சிவா

அண்ணை, எனக்கும் ஒருக்கால் சொல்லுங்கோ. இஞ்ச டொரோண்டோவில் பழைய அப்பார்ட்மென்ட் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். டப்பும் சுவரும் சேர்ந்து ஒரே துண்டாக வார்த்த பைபர்கிளாஸ். அடியில் வழுக்காமல் இருக்கச் சின்னச் சின்னப் புள்ளியாக மேடு வைத்திருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் கறுப்பாக அழுக்கு ஏறிப் போகுதே இல்லை. மனிசி பிளீச் ஊற்றி இரவு முழுக்க விட்டா, கொஞ்சம் வெளுத்தது, பிறகு மஞ்சளாகத் தெரியுது. கறுப்புத் துணியால் சுவரைத் துடைச்சால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள் வருகுது. இது உப்புத்தானே? வினிகர் போடலாமோ?

எஃப்ஆர்பி பட்டறை

தம்பி, காய்ந்த சுவரைத் துடைத்தால் தூள் வருகிறது என்றால் அது பெரும்பாலும் உப்பு இல்லை. பைபர்கிளாஸின் மேல் தோல், ஜெல்கோட் என்போம், அதுதான் வயதாகி உதிர்கிறது. உப்பு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், துணியோடு வராது. வினிகர் போட்டாலும் இதில் மாற்றம் இருக்காது.

அக்ரிலிக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அக்ரிலிக்கில் நிறம் தகட்டின் முழுக் கனத்துக்கும் இருக்கும், சில மில்லிமீட்டர். ஜெல்கோட் சுமார் அரை மில்லிமீட்டர்தான், அதற்குக் கீழே நார். உங்கள் டப்பில் தேய்க்கிற ஒவ்வொரு தேய்ப்பும் அந்த அரை மில்லியில் இருந்துதான் போகிறது. எதில் செய்தது என்று தெரியவேண்டுமானால் மேலே இருக்கிற ஓவர்புளோ மூடியின் திருகைக் கழற்றி, ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளை கனமாக இருந்தால் அக்ரிலிக். மெல்லிய வெள்ளைக் கோடும் அதன் பின்னால் பழுப்பான நாரும் தெரிந்தால் பைபர்கிளாஸ்.

புள்ளி மேடுகளுக்கு நடுவில் இருப்பது சோப்பும் உடம்பு எண்ணெயும்தான். பாத்திரம் கழுவும் லிக்விடை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கெட்டியாகக் கலந்து, அடியில் மட்டும் அரை மணி நேரம் நிற்க விடுங்கள். பிறகு பல் துலக்கும் பிரஷ் போன்ற மெத்தென்ற நைலான் முடியால் வட்டமாகச் சுற்றுங்கள். துணி அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது. மெலமைன் ஸ்பாஞ்ச் என்று வெள்ளைக் கட்டி ஒன்று விற்கிறார்கள், அது பார்க்க மிருது, ஆனால் மிக நைஸான உப்புத்தாள் போல வேலை செய்யும். அழுக்கு போகும், கூடவே பளபளப்பும் போகும். ஏற்கெனவே உதிர்கிற ஜெல்கோட்டில் வேண்டவே வேண்டாம். பிளீச்சை ஊறவிடுவதையும் நிறுத்திவிடுங்கள்.

ஸ்கார்பரோ சிவா

நன்றி அண்ணை. வீட்டுக்காரன் மேலே புதுப் பூச்சு அடிச்சுத் தாறன் என்கிறான். அது நல்லதோ?

எஃப்ஆர்பி பட்டறை

கீழே எவ்வளவு சுத்தமாகத் தேய்த்து அடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நேரில் பார்க்காமல் நான் ஆம் இல்லை சொல்ல மாட்டேன். அடித்த பிறகு அந்தப் பூச்சு ஜெல்கோட்டைவிடவும் மெல்லியது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரக்காற்று

பட்டறை சார், பக்கச் சுவர் முடிந்தது. புடவைத் துணியை இரண்டு முறை ஒட்ட வேண்டியிருந்தது. இரண்டாம் முறை எடுக்கும்போது ஏடு கஞ்சி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது, தேய்க்கவே இல்லை. இப்போது சுவரில் ஜன்னல் தெரிகிறது. மார்பிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு சந்தேகம். சோப்பு வைக்கும் மூலையில் ஒரு வெள்ளை வளையம் மட்டும் எத்தனை முறை ஒட்டியும் அசையவில்லை. அடியில் உள்ள கீறலுக்கு இப்போது என்ன செய்வது?

எஃப்ஆர்பி பட்டறை

கீறலை முதலில் சொல்கிறேன். நகத்தைக் கீறலுக்குக் குறுக்காக இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டாவிட்டால் உப்புத்தாளே வேண்டாம், கார் டிங்கரிங் கடையில் கிடைக்கிற ரப்பிங் காம்பவுண்ட் மட்டும் போதும். நகம் மாட்டினால்தான் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்.

எதுவானாலும் முதலில் ஓரமாக உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் செய்து பாருங்கள். 1500 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, மெத்தென்ற ஸ்பாஞ்சில் சுற்றிக்கொள்ளுங்கள். விரலால் நேரடியாக அழுத்தினால் விரல் தடத்தில் பள்ளம் விழும். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு இடவலமாக மட்டும் தேய்க்க வேண்டும். பழைய வளைவுக் கோடுகள் மறைந்து, ஒரே சீராக மங்கியதும் நிறுத்துங்கள். பார்க்கப் பயமாக இருக்கும், முன்னைவிட மோசமாகத் தெரியும். அது அப்படித்தான். நன்றாகக் கழுவுங்கள், 1500-இன் ஒரு துகள் தங்கினாலும் அடுத்த வேலை கெட்டுவிடும். பிறகு 2000 நம்பர், இப்போது மேலும் கீழுமாக. திசையை மாற்றுவது எதற்கு என்றால், இடவலக் கோடு ஒன்று மிச்சம் இருந்தாலும் கண்ணில் படும். அது முழுக்கப் போன பிறகு மறுபடி கழுவித் துடைத்து, காம்பவுண்டைத் துணியில் பட்டாணி அளவு எடுத்து வட்டமாகத் தேய்த்தால் பளபளப்பு வரும்.

டிரில்லில் பஃப் மாட்டி ஓட்டலாமா என்று கேட்பார்கள். பழகாத கைக்கு வேண்டாம். ஒரே இடத்தில் நின்றுவிட்டால் சூட்டில் அக்ரிலிக் இளகி இழுத்துக்கொள்ளும். அடி மூலைகளில் தாள் போடாதீர்கள், வளைக்கும்போது தகடு அங்கேதான் அதிகமாக இழுபட்டு மெலிந்திருக்கும்.

அசையாத வளையம் அநேகமாக சிலிக்கா. நம் ஊர்ப் பாறைக்குள் இருந்து வருகிற தண்ணீரில் அது இருக்கும். புளிப்புக்குக் கரையாது. சுத்தமாகப் போகும் என்று உறுதி சொல்ல மாட்டேன். காம்பவுண்டை வைத்துப் பொறுமையாகத் தேய்த்துப் பாருங்கள், கொஞ்சம் குறையும்.

இஸ்மாயில் பிளம்பிங்

வளையத்துக்குப் பழைய ஏடிஎம் கார்டைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டிப் பாருங்கள் மேடம். சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே செய்யுங்கள். எனக்குப் பாதி நேரம் வந்துவிடும். பிளேடு மட்டும் வேண்டாம்.

பளபளப்பு வந்ததும் கார் வேக்ஸ் போட்டுவிடுங்கள், உப்பு ஒட்டாது.

எஃப்ஆர்பி பட்டறை

கார்டு நல்ல யோசனை பாய். வேக்ஸ் பக்கச் சுவருக்கு மட்டும். அடியில் போட்டால் கால் வழுக்கும், வயதானவர்கள் விழுந்துவிடுவார்கள்.

இஸ்மாயில் பிளம்பிங்

வழுக்காமல் பாய் போட்டுக்கொள்வார்களே சார்.

எஃப்ஆர்பி பட்டறை

பாயின் உறிஞ்சும் கோப்பைகளுக்கு அடியில் தண்ணீரும் அழுக்கும் தங்கி அக்ரிலிக்கில் வட்டம் வட்டமாகக் கறை விழுவதைப் பார்த்திருக்கிறேன். பாய் போடுவதானால் குளித்ததும் எடுத்துத் தொங்கவிட வேண்டும். அப்படி எடுத்து வைப்பார்கள் என்று நம்பி அடியில் வேக்ஸ் போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

கடலோரக்காற்று

நகம் மாட்டவில்லை, அதனால் தாள் எடுக்காமல் காம்பவுண்ட் மட்டும் போட்டேன். முக்கால்வாசி திட்டு தெளிந்துவிட்டது. கப்ளிங் பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் நகம் மாட்டுகிறது, அங்கே ஞாயிற்றுக்கிழமை 1500 போடப் போகிறேன். கார்டால் சுரண்டியதில் வளையம் பாதிதான் போனது. அதோடு ஒரு பெயின்ட் சொட்டையும் இப்போதுதான் கண்டுபிடித்தேன், எனாமல் போல இருக்கிறது. தின்னர் வேண்டாம் என்று புரிந்துவிட்டது. வேறு எதனால் எடுப்பது?

எஃப்ஆர்பி பட்டறை

முதலில் கார்டு முனையால் நெம்பிப் பாருங்கள், காய்ந்த எனாமல் பளபளப்பான அக்ரிலிக்கில் அவ்வளவாகப் பிடிக்காது. மிச்சம் இருந்தால் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு ஒற்றி எடுங்கள். அது அக்ரிலிக்கைக் கரைக்காது. பக்கத்தில் அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது. உடனே சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். கப்ளிங்கைச் சுற்றித் தாள் போடும் முன் அங்கே ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளி நூல் தெரிந்தால் தேய்க்காமல் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.